35 நிமிடத் தொடக்க உரை: ஒரு கருத்து, மூன்று கதைகள் – வரைவைப் பார்த்துக் கருத்துச் சொல்லுங்கள்

செவிலி_மலர்

அனைவருக்கும் வணக்கம். திருச்சியில் நடைபெறவிருக்கும் மருத்துவமனைத் தரம் குறித்த இரண்டு நாள் மாநாட்டில் தொடக்க மைய உரை ஆற்றும்படி என்னைக் கேட்டிருக்கிறார்கள். ஒதுக்கப்பட்ட நேரம் 35 நிமிடம். அரங்கில் ஏறத்தாழ முந்நூறு பேர் இருப்பார்கள். பாதிக்கு மேல் செவிலியர்கள், மற்றவர்கள் மருத்துவர்களும் நிர்வாகிகளும். நான் தீவிர சிகிச்சைப் பிரிவில் நெடுங்காலம் பணியாற்றி, இப்போது நோய்த்தொற்றுக் கட்டுப்பாட்டுச் செவிலியராக இருக்கிறேன். வகுப்பு எடுத்துப் பழக்கம் உண்டு. ஒரு மாநாட்டையே தொடங்கி வைக்கும் உரை எனக்குப் புதிது.

ஒரு பெரிய கருத்தை எடுத்துக்கொண்டு அதை மூன்று கதைகளால் தாங்கி நிறுத்துவது என்று முடிவு செய்திருக்கிறேன். கருத்து: "நோயாளியின் பாதுகாப்பு நம் எல்லோருடைய பொறுப்பு." கதைகள் கால வரிசையில் வருகின்றன. முதலாவது, 1847இல் வியன்னாவில் பிரசவ வார்டுக்குள் நுழையும் மருத்துவர்களைக் குளோரின் கலந்த நீரில் கை கழுவ வைத்த செம்மெல்வைஸ். இரண்டாவது, 1977இல் டெனெரீஃப் தீவில் இரண்டு ஜம்போ விமானங்கள் ஓடுபாதையில் மோதி 583 பேர் இறந்த விபத்து. மூன்றாவது, மிச்சிகன் மாநிலத்துத் தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் ஐந்தே வரிகள் கொண்ட ஒரு செக்லிஸ்ட், பெரிய இரத்தக் குழாய்க்குள் செலுத்தும் சென்ட்ரல் லைன் என்ற குழாயால் வரும் தொற்றைக் குறைத்த வரலாறு. கதைக்குப் பத்து நிமிடம், முன்னுரைக்கும் முடிவுரைக்கும் மீதி.

என்னோடு பணியாற்றும் ஒருவரிடம் பேசிக் காட்டினேன். இரண்டாவது கதை தொடங்கியதுமே எங்கே போய் முடியும் என்று தெரிந்துவிட்டதாகச் சொன்னார். வரிசையில் குறையா, கதைகளில் குறையா என்பது எனக்குப் பிடிபடவில்லை.

பட்டிமன்றப்_பிரியன்

வரிசையில் குறையே இல்லை, சகோதரி. பழையதில் தொடங்கி அண்மைக் காலத்துக்கு வருவதுதான் கேட்பவர்களுக்கு எளிது. மூன்று கதைகளுக்கும் சம நேரம் கொடுங்கள். ஒன்று நீண்டு ஒன்று குறுகினால் தயாரிப்புப் போதவில்லை என்று நினைப்பார்கள். ஒவ்வொரு கதையின் முடிவிலும் மையக் கருத்தை அதே சொற்களில் மீண்டும் சொல்லுங்கள். மூன்று முறை காதில் விழுந்த வரியை யாரும் மறக்க மாட்டார்கள். மிச்சிகனில் தொற்று பூஜ்யமானது என்பதைக் கடைசியில் வைத்தால் கைத்தட்டல் நிச்சயம்.

திருப்பூர்_ஏற்றுமதி

எங்கள் சங்கக் கூட்டத்தில் நான் இதே முறையில் பேசியிருக்கிறேன் அம்மா. மூன்று வாடிக்கையாளர்களின் கதைகளைச் சொன்னேன், நன்றாகவே போயிற்று. ஆனால் வரவேற்புரையில் எல்லாருடைய பெயரையும் பதவியோடு சொல்லியாக வேண்டும். ஒரு பெயர் விட்டுப்போனாலும் வருத்தப்படுவார்கள். அந்தப் பட்டியலை விழாக் குழுவிடமிருந்து முதலில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

செவிலி_மலர்

நன்றி ஐயா. நான் ஆற்றவிருப்பது வரவேற்புரை அன்று. அதை விழாக் குழுவின் செயலாளர் பார்த்துக்கொள்வார். எனக்குத் தரப்பட்டிருப்பது தொடக்க நிகழ்ச்சி முடிந்ததும் வரும் மைய உரை.

மேடைக்குப்_பின்னால்

மாநாடுகளை ஒருங்கிணைப்பதும் மைய உரையாளர்களோடு உட்கார்ந்து உரையைச் செப்பனிடுவதும் என் தொழில். சற்று நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் கருத்து என்று எழுதியிருப்பது ஒரு தலைப்பு மட்டுமே. "நோயாளியின் பாதுகாப்பு நம் எல்லோருடைய பொறுப்பு" என்பதை அந்த அரங்கில் ஒருவர்கூட மறுக்க மாட்டார். மறுக்க முடியாத வாக்கியத்தைத் தாங்குவதற்குக் கதை தேவையில்லை. அதனால்தான் உங்கள் தோழிக்கு இரண்டாவது கதையிலேயே ஆர்வம் குறைந்தது. மைய உரைக்கான கருத்து, அவையில் சிலராவது நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து "அது எப்படி?" என்று மனத்துக்குள் கேட்கும் வாக்கியமாக இருக்க வேண்டும்.

உங்களுடைய மூன்று கதைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், அவற்றுக்குள்ளே அப்படி ஒரு வாக்கியம் மறைந்திருப்பது தெரிகிறது. டெனெரீஃபில் விமானி அறையில் இருந்த ஒருவருக்கு ஐயம் எழுந்தது, கேட்டார், ஆனால் அவரால் நிறுத்த முடியவில்லை. மிச்சிகனில் மருத்துவர் ஒரு படியைத் தவறவிட்டால், அவசர நிலை தவிர மற்ற நேரங்களில், அவரை நிறுத்தலாம் என்று செவிலியர்களுக்கு அதிகாரம் கொடுத்தார்கள். ஆகவே உங்கள் வாக்கியம் ஏறத்தாழ இப்படி இருக்கலாம்: "சிஸ்டர் நிறுத்தச் சொன்னால் டாக்டர் நிறுத்தியாக வேண்டும் என்று எழுத்தில் இல்லாத மருத்துவமனையில் செக்லிஸ்ட் வெறும் தாள்." இதை ஏற்காதவர்கள் அரங்கில் இருப்பார்கள், ஏற்றாலும் தங்கள் மருத்துவமனையில் அப்படி ஒரு எழுத்து இல்லை என்று உணர்பவர்கள் அதைவிட அதிகமாக இருப்பார்கள். உரை அவர்களுக்காகத்தான்.

வாக்கியம் கிடைத்துவிட்டால் கதைகளைச் சோதிப்பது எளிது. ஒவ்வொரு கதையும் முடியும் இடத்தில் "ஆகவே" என்று சொல்லி அந்த வாக்கியத்தைச் சேர்த்துப் பாருங்கள். நேராக ஒட்டினால் கதை உரைக்கு உரியது. இடையில் மூன்று வாக்கியம் விளக்கம் தேவைப்பட்டால் அது வேறொரு உரையின் கதை. செம்மெல்வைஸ் இந்தச் சோதனையில் தேற மாட்டார் என்று நினைக்கிறேன். அவரிடம் எண்கள் இருந்தன, காரணத்தை ஏறக்குறையச் சரியாக ஊகித்தார், இருந்தும் பெரியவர்கள் ஏற்கவில்லை. அது "சான்று மட்டுமே பழக்கத்தை மாற்றாது" என்ற வேறொரு கருத்தின் கதை. அழகான கதைதான், ஆனால் உங்கள் வாக்கியத்தை அது தாங்காது.

மூன்று கதைகளும் ஒரே வேலையைச் செய்யக் கூடாது என்பது அடுத்த செய்தி. முதல் கதை சிக்கலைக் கண்ணெதிரே காட்ட வேண்டும். இரண்டாவது, வழி உண்டு என்று காட்ட வேண்டும். மூன்றாவது, இந்தக் கருத்துக்கு எதிராக ஒரு நல்ல கேள்வியை எழுப்பி, அதைத் தாண்டி வர வேண்டும். உங்கள் வரைவில் மூன்றாவது வேலையைச் செய்யும் கதையே இல்லை.

மயக்கவியல்_மருத்துவர்

மேலே எழுதியவர் சொன்ன கடைசிப் பத்தியோடு முழுமையாக உடன்படுகிறேன். அந்த மூன்றாவது கதை மருத்துவ இலக்கியத்தில் தயாராகவே இருக்கிறது.

2009இல் வெளியான ஆய்வில் உலக சுகாதார நிறுவனத்தின் அறுவை சிகிச்சைச் செக்லிஸ்ட்டை எட்டு மருத்துவமனைகளில் பயன்படுத்திப் பார்த்தார்கள். அவற்றுள் ஒன்று புது தில்லியில் இருந்தது. இறப்பு 1.5 விழுக்காட்டிலிருந்து 0.8 ஆகக் குறைந்தது. பிறகு கனடாவின் ஒன்டாரியோ மாநிலத்தில் எல்லா மருத்துவமனைகளும் அதைப் பயன்படுத்துவதோடு, எவ்வளவு பயன்படுத்துகிறோம் என்பதைப் பொதுவில் அறிவிக்கவும் வேண்டும் என்று 2010இல் கட்டாயமாக்கினார்கள். 101 மருத்துவமனைகளில், செக்லிஸ்ட் வருவதற்கு முன் மூன்று மாதத்தையும் வந்த பின் மூன்று மாதத்தையும் ஒப்பிட்ட ஆய்வு 2014இல் வெளிவந்தது. இறப்பு 0.71இலிருந்து 0.65, புள்ளியியல் கணக்கில் அதை மாற்றம் என்று சொல்ல முடியாது. தாளில் மட்டும் எல்லாக் கட்டங்களும் ஏறக்குறைய முழுமையாக நிரப்பப்பட்டிருந்தன. எந்த ஊர் அறுவை அரங்கில் பணியாற்றியவருக்கும் இது எப்படி நடக்கும் என்று விளக்க வேண்டியதில்லை.

அடுத்து, மிச்சிகனில் தொற்று பூஜ்யமானது என்று மேலே ஒருவர் எழுதியிருக்கிறார். அதை அப்படியே மேடையில் சொல்லிவிடாதீர்கள். 2006இல் வெளியான அறிக்கையில் 103 பிரிவுகளின் தரவு இருந்தது. நோயாளிகளின் உடலில் லைன் இருந்த ஆயிரம் நாட்களுக்கான தொற்றின் இடைநிலை அளவு 2.7இலிருந்து பூஜ்யமாயிற்று, சராசரி 7.7இலிருந்து 1.4 ஆயிற்று. அதாவது, பாதிக்கு மேற்பட்ட பிரிவுகளில் அந்தக் காலாண்டில் ஒரு தொற்றும் இல்லை, மற்றவற்றில் இருந்தது. உங்கள் அவையில் நுண்ணுயிரியல் பேராசிரியர் ஒருவர் இருந்தால் கேள்வி நேரம் முழுவதும் இதிலேயே கரைந்துவிடும்.

பட்டிமன்றப்_பிரியன்

விளக்கத்துக்கு நன்றி டாக்டர். "பாதிக்கு மேற்பட்ட பிரிவுகளில் ஒன்றும் இல்லை" என்று சொன்னாலும் அதே அளவு கைத்தட்டல் வரும் என்று இப்போது தோன்றுகிறது. ஆனாலும் தோல்விக் கதையை மூன்றாவதாக வைப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. தொடக்க உரை கேட்பவர்களுக்கு ஊக்கம் தந்து அனுப்ப வேண்டும். கனடாவில் பலிக்கவில்லை என்று கேட்டுவிட்டுத் தேநீருக்குப் போகிறவர் என்ன நினைப்பார்?

மேடைக்குப்_பின்னால்

தேநீர் வரிசையில் அவர் பக்கத்தில் நிற்பவரிடம் "எங்கள் தியேட்டரிலும் அப்படித்தான் டிக் அடிக்கிறார்கள்" என்று சொல்வார். தொடக்க உரைக்கு அதைவிட நல்ல பயன் ஒன்று இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. நிறைவு உரையின் வேலை வேறு. அது இரண்டு நாள் கேட்டதைக் கட்டி முடிக்க வேண்டும். தொடக்க உரையோ அடுத்த இரண்டு நாள் அமர்வுகளில் யார் பேசினாலும் மனத்தில் ஓடிக்கொண்டிருக்கும் ஒரு கேள்வியைத் தந்துவிட்டுப் போக வேண்டும். ஒன்டாரியோ அந்தக் கேள்வியைத் தருகிறது: ஒரே தாள் ஓரிடத்தில் வேலை செய்து இன்னோரிடத்தில் ஏன் வேலை செய்யவில்லை?

இதற்காகவே நிகழ்ச்சி நிரலை இப்போதே வாங்கிப் படியுங்கள். கை கழுவுதல் பற்றி மதியம் ஒரு அமர்வு இருந்தால், செம்மெல்வைஸை அந்தப் பேச்சாளரிடம் விட்டுவிடுங்கள். அவர் நன்றி சொல்வார்.

சம நேரம் என்பதையும் விட்டுவிடலாம். முதல் கதைக்கு ஏழு நிமிடம் போதும். மிச்சிகனுக்குப் பத்து. அங்கேதான் "எப்படிச் செய்தார்கள்" என்பது இருக்கிறது, அவையினர் குறிப்பெடுப்பதும் அங்கேதான். மூன்றாவதற்கு ஆறு. கடைசியாக, அவையிடம் நீங்கள் கேட்பது என்ன என்பதற்கு நான்கு. இவ்வளவும் சேர்ந்து 27 நிமிடம் வருகிறது. தொடக்கமும் கதைகளுக்கு இடைப்பட்ட இணைப்பும் ஓரிரு நிமிடம் எடுத்துக்கொள்ளும். மீதி நேரத்தைக் காலியாகவே விடுங்கள். காரணம் உங்களுக்கே தெரியும்: தமிழ்த்தாய் வாழ்த்து, குத்துவிளக்கு, பொன்னாடை, மலர் வெளியீடு, சிறப்பு விருந்தினரின் வாழ்த்துரை எல்லாம் முடிந்து உங்களை அழைக்கும்போது 35 நிமிடம் 20 நிமிடமாக இருக்கும். அப்போது எதை வெட்டுவது என்பதை மேடையில் நின்று முடிவு செய்யக் கூடாது. இன்றே முடிவு செய்து வையுங்கள். பெரும்பாலோர் கடைசிக் கதையை வெட்டுவார்கள், ஏனெனில் நேரம் போதவில்லை என்பது அங்கே வரும்போதுதான் தெரிகிறது. நீங்கள் வெட்ட வேண்டியது முதல் கதையை.

செவிலி_மலர்

மிக்க நன்றி. வாக்கியத்தைப் படித்தவுடன் எனக்கே சற்று அச்சமாக இருந்தது. அதுவே நல்ல அடையாளம் என்று எடுத்துக்கொள்கிறேன். செம்மெல்வைஸை விடுவது மனத்துக்குக் கடினம். பிரசவத்துக்கு வந்த பெண்கள் மாணவ மருத்துவர்களின் வார்டில் சேர்க்காதீர்கள், மருத்துவச்சிகளின் வார்டில் சேருங்கள் என்று கெஞ்சினார்கள் என்ற செய்தியை நான் எத்தனை வகுப்பில் சொன்னாலும் அறை அமைதியாகிவிடும். ஆனால் "ஆகவே" சோதனையைச் செய்து பார்த்தேன். ஒட்டவில்லை. எடுத்துவிடுகிறேன்.

இரண்டு ஐயங்கள் இருக்கின்றன. டெனெரீஃப் கதையைத் தரம் பற்றிய கூட்டங்களுக்குப் போகிற மருத்துவர்கள் பலமுறை கேட்டிருப்பார்களே? அதற்குப் பதிலாக, மிச்சிகன் பணியை முன்னின்று நடத்திய பீட்டர் ப்ரோனோவோஸ்ட் பணியாற்றிய ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையிலேயே 2001இல் இறந்த ஜோசி கிங் என்ற குழந்தையின் கதையில் தொடங்கலாமா? இன்னொன்று, பெரிய கருத்தைத் தொடக்கத்திலேயே சொல்லிவிடுவதா, முதல் கதைக்குப் பிறகு சொல்வதா?

மயக்கவியல்_மருத்துவர்

ஜோசி கிங் கதையை எடுப்பதானால் ஒரு எச்சரிக்கை. பல மேடைகளில் அதைச் சென்ட்ரல் லைன் தொற்றால் இறந்த குழந்தை என்று சுருக்கிச் சொல்லக் கேட்டிருக்கிறேன். அப்படிச் சொன்னால் ஐந்து வரிச் செக்லிஸ்ட்டுக்கு நேராக இட்டுச் செல்ல வசதியாக இருக்கிறது, ஆனால் நடந்தது வேறு. வெந்நீர்க் காயங்களோடு சேர்க்கப்பட்ட ஒன்றரை வயதுக் குழந்தை தேறி வந்தது. பிறகு கடுமையான நீரிழப்பும், அந்த நிலையில் கொடுக்கப்பட்ட போதை வகை வலி மருந்தும் சேர்ந்து இறப்பில் முடிந்தது. குழந்தைக்குத் தாகமாக இருக்கிறது என்று தாய் சொல்லிக்கொண்டே இருந்தார். உங்கள் கருத்துக்கு அந்தத் தாயின் குரல்தான் பொருத்தம், தொற்று அன்று. கதையை வளைக்காமலே அது உங்களுக்கு உதவுகிறது.

டெனெரீஃபைப் பொறுத்தவரை, கேட்டிருப்பார்கள் என்பது உண்மை. பாதிதான் கேட்டிருப்பார்கள் என்பதும் உண்மை. எல்லோரும் சொல்வது, ஃப்ளைட் எஞ்சினியர் எதிரே இருந்த பான் ஆம் விமானம் ஓடுபாதையை விட்டு விலகிவிட்டதா என்று கேட்டார், கேப்டன் விலகிவிட்டது என்று அழுத்தமாகச் சொல்லிவிட்டுப் போய்க்கொண்டே இருந்தார் என்பது. அதற்குச் சற்று முன் நடந்ததை யாரும் சொல்வதில்லை. கேப்டன் முதல் முறை எஞ்சின் விசையைக் கூட்டியபோது, கட்டுப்பாட்டு நிலையத்தின் அனுமதி இன்னும் வரவில்லை என்று துணை விமானி சொன்னார், கேப்டன் நிறுத்தினார். ஆக, அந்த அறையில் ஒரு முறை நிறுத்த முடிந்தது. இரண்டாம் முறை கேப்டன் புறப்பட்டபோது துணை விமானி தடுக்கவில்லை. எஞ்சினியர் கேள்வியாகக் கேட்டார். கேப்டனோ கேஎல்எம் நிறுவனத்தில் விமானிகளுக்குப் பயிற்சி அளிக்கும் மூத்தவர், நிறுவன விளம்பரத்தில் படம் வந்தவர். ஒரே ஆளை ஒரே சில நிமிடங்களுக்குள் இரண்டு முறை திருத்துவது எவ்வளவு கடினம் என்பது தீவிர சிகிச்சைப் பிரிவுச் செவிலியர் எல்லோருக்கும் தெரியும். அந்த இடத்தில் நிறுத்திச் சொன்னீர்களானால், பலமுறை கேட்டவர்களுக்கும் கதை புதிதாகிவிடும்.

மேடைக்குப்_பின்னால்

டெனெரீஃபை முதலில் வைப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. பிறர் தொழிலில் நடந்த பிழையைக் கேட்கும்போது யாரும் தற்காப்புக்குப் போவதில்லை. மருத்துவமனையில் இறந்த குழந்தையில் தொடங்கினால், அவையில் இருக்கும் மருத்துவர்களில் சிலர் முதல் மூன்று நிமிடத்திலேயே "அங்கே நிலைமை வேறு" என்று மனத்துக்குள் வாதாடத் தொடங்கிவிடுவார்கள். ஜோசியை மிச்சிகன் கதையின் வாயிலாக வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு நிமிடத்துக்குள் முடிக்க முடிந்தால் மட்டும். நீண்டால் அது நான்காவது கதையாகி, மூன்றுக்காகக் கட்டிய உரை சாய்ந்துவிடும்.

கருத்தை எப்போது சொல்வது என்பதில் என் வழக்கம், முதல் கதை முடிந்த கையோடு சொல்வது. முன்னதாகவே சொன்னால் டெனெரீஃப் வெறும் எடுத்துக்காட்டாகிவிடும். கதை முடிந்த பின் சொன்னால், அவையினர் தாங்களே அங்கே வந்து சேர்ந்திருப்பார்கள். நீங்கள் பெயர் வைக்கிறீர்கள், அவ்வளவுதான்.

மயக்கவியல்_மருத்துவர்

இதில் எனக்கு மாற்றுக் கருத்து. மருத்துவர்கள் நிறைந்த அவையில் ஏழு நிமிடம் எதற்காக விமான விபத்தைக் கேட்கிறோம் என்று தெரியாமல் உட்கார வைத்தால் அலைபேசிகள் வெளியே வந்துவிடும். நாங்கள் ஆய்வுச் சுருக்கத்தை முதலில் படித்துப் பழகியவர்கள். முதல் நிமிடத்திலேயே வாக்கியத்தைச் சொல்லி, "இதற்கு உடன்படாதவர்கள் இருக்கலாம், கடைசியில் பேசுவோம்" என்று தொடங்குங்கள். வாதாடுவதற்கு ஏதாவது கையில் கிடைத்தால் எங்கள் ஆட்கள் விழித்திருப்பார்கள்.

இன்னும் முக்கியமான தடை ஒன்று இருக்கிறது. ஒன்டாரியோவில் பயன்பட்டது 19 வரி அறுவை சிகிச்சைத் தாள். மிச்சிகனில் பயன்பட்டது சென்ட்ரல் லைனுக்கான ஐந்து படிகள். "ஒரே தாள், இரண்டு விளைவு" என்று நீங்கள் சொன்னால் அது பிழை. அது மட்டுமன்றி, ஒன்டாரியோ ஆய்வு நிறுத்தும் அதிகாரம் இருந்ததா இல்லையா என்பதை அளக்கவே இல்லை. மிச்சிகனிலும் அந்த அதிகாரம் மட்டுமா இருந்தது? லைன் போடத் தேவையான பொருட்களையெல்லாம் ஒரே வண்டியில் சேர்த்து வைத்தார்கள். குளோர்ஹெக்சிடின் என்ற கிருமிநாசினி எல்லா இடத்திலும் கிடைக்கச் செய்தார்கள். ஒவ்வொரு பிரிவுக்கும் அதன் தொற்று அளவைத் தவறாமல் திருப்பிச் சொன்னார்கள். இவற்றுள் எது எவ்வளவு வேலை செய்தது என்று பிரித்துச் சொல்ல முடியாது.

இங்கிலாந்தில் அதே மிச்சிகன் முறையை 2009 முதல் இருநூறுக்கு மேற்பட்ட பிரிவுகளில் செய்து பார்த்தார்கள். அங்கே தாள் ஒன்றே. தொற்றும் குறைந்தது, ஆனால் திட்டத்தில் இன்னும் சேராத பிரிவுகளிலும் அதே வேகத்தில் குறைந்துகொண்டிருந்தது. சில பிரிவுகளில் உட்கார்ந்து நேரில் கவனித்த ஆய்வாளர்கள், அவற்றில் மிகச் சிலவே உண்மையில் மாறின, பல பிரிவுகள் இதை மேலிடத்திலிருந்து வந்த இன்னொரு வேலையாகவே பார்த்தன என்று எழுதினார்கள். உங்கள் கருத்துக்கு இதுதான் நெருக்கமான சான்று.

மேடைக்குப்_பின்னால்

டாக்டர் சொல்வது சரி. "ஒரே தாள்" என்று நான் எழுதியது நிற்காது. ஆனால் இங்கிலாந்துக் கதையை ஆறு நிமிடத்தில் மேடையில் சொல்லிப் பாருங்கள். "குறைந்தது, எல்லா இடத்திலும் குறைந்தது, ஆகவே இதனால்தான் குறைந்தது என்று சொல்ல முடியவில்லை" என்பதைக் காதால் கேட்டுப் புரிந்துகொள்வது கடினம். ஒன்டாரியோ ஒரே மூச்சில் புரிகிறது: கட்டாயமாக்கினார்கள், டிக் அடித்தார்கள், மாறவில்லை. கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டு, "இது வேறு தாள், வேறு இடம், ஆனால் தாளை மட்டும் அனுப்பினால் என்ன ஆகும் என்பதைக் காட்டுகிறது" என்று ஒரே வரியில் எல்லையையும் சொல்லிவிடலாம்.

மயக்கவியல்_மருத்துவர்

அந்த வரி இருந்தால் எனக்கு மறுப்பில்லை. அதோடு, பெரிய வாக்கியத்தை நிறுவப்பட்ட முடிவாகச் சொல்லாமல், "தீவிர சிகிச்சைப் பிரிவில் பணியாற்றிய நான் இப்படி நம்புகிறேன்" என்று சொல்லுங்கள். தாள் மட்டும் போதாது என்பது சான்று. விடுபட்டது நிறுத்தும் அதிகாரம்தான் என்பது உங்கள் வாதம். இரண்டையும் பிரித்துச் சொல்பவரை மருத்துவர்கள் நம்புவார்கள். மூன்று மாதம் என்பது மிகக் குறுகிய காலம் என்று ஒன்டாரியோ ஆய்வையே குறை சொன்னவர்களும் உண்டு. யாராவது கேட்டால் ஒப்புக்கொள்ளத் தயாராக இருங்கள்.

திருப்பூர்_ஏற்றுமதி

வெளிநாட்டுக் கதைகளாகவே இருக்கின்றனவே அம்மா, உங்கள் சொந்த வார்டில் நடந்தது ஒன்றுகூட இல்லையா? எங்கள் கூட்டத்தில் நான் சொன்ன மூன்றில் எல்லோரும் பிறகு வந்து கேட்டது எங்கள் தையல் பிரிவில் நடந்ததைப் பற்றித்தான்.

செவிலி_மலர்

நல்ல கேள்வி ஐயா. ஒன்று இருக்கிறது, ஆனால் அது கதையாகுமா என்று தெரியவில்லை. நான் முன்பு பணியாற்றிய ஒரு மருத்துவமனையில், புதிதாகச் சேர்ந்த சிஸ்டர் ஒருவர் மூத்த மருத்துவர் லைன் போடத் தொடங்கும்போது, "சார், ஒரு நிமிஷம், டிரேப் பத்தாது" என்றார். மருத்துவர் கையை எடுத்துக்கொண்டு நின்றார். நோயாளியை மூடும் தூய துணியான டிரேப் பெரியதாக வந்தது. லைன் போட்டார்கள். அதற்கு மேல் ஒன்றும் நடக்கவில்லை. நோயாளிக்குத் தொற்றும் வரவில்லை. சிறிய டிரேப்போடு போட்டிருந்தால் வந்திருக்குமா என்பதும் யாருக்கும் தெரியாது.

மேடைக்குப்_பின்னால்

ஒன்றும் நடக்காததால்தான் அது கதைகளின் வரிசையில் சேராது. ஆனால் கடைசி நான்கு நிமிடத்துக்கு நீங்கள் தேடிக்கொண்டிருந்தது அதுவே. அவையிடம் "நிறுத்தும் அதிகாரம் கொடுங்கள்" என்று கேட்டால் எல்லோரும் தலையாட்டுவார்கள். மறுநாள் காலை எந்தச் சொல்லால் நிறுத்துவது என்று எந்தச் சிஸ்டருக்கும் தெரியாது. "சார், ஒரு நிமிஷம், டிரேப் பத்தாது" என்பதில் மரியாதை இருக்கிறது, நிறுத்தம் இருக்கிறது, காரணம் இருக்கிறது. டெனெரீஃபில் எஞ்சினியர் கேள்வியாகக் கேட்டதற்கும் இதற்கும் உள்ள வேறுபாட்டைச் சொல்லி, இந்த வாக்கியத்தை அவர்கள் கையில் கொடுங்கள். மருத்துவமனையின் பெயர், ஆண்டு, நோயாளியின் நோய் எதுவும் வேண்டாம். அந்தச் சிஸ்டரிடமும் மருத்துவரிடமும் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். திருச்சி வட்டாரத்தில் அரங்கில் ஒருவருக்காவது அடையாளம் தெரிந்துவிடும்.

பட்டிமன்றப்_பிரியன்

மூன்றாவது கதையைப் பற்றிய என் தடையை இத்தோடு விட்டுவிடுகிறேன். அதற்குப் பிறகு இந்தச் சிஸ்டரின் வார்த்தை வருமானால் அவை சோர்ந்து போகாது. இன்னொன்று: கதையை எழுதி மனப்பாடம் செய்யாதீர்கள், ஒப்பிப்பது தெரிந்துவிடும். ஒரு கதையிலிருந்து அடுத்த கதைக்குப் போகும் வாக்கியத்தை மட்டும் எழுத்துக்கு எழுத்து மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பேச்சாளர்கள் தடுமாறுவது அந்த இடத்தில்தான்.

செவிலி_மலர்

எல்லோருக்கும் நன்றி. இப்போதைய வரைவு: டெனெரீஃப், துணை விமானி ஒரு முறை நிறுத்தியதையும் சேர்த்து. அதன் பிறகு என் வாக்கியம். மிச்சிகன், ஜோசி இல்லாமல். இரண்டு நிமிடத்துக்குள் என்னால் சொல்ல முடியவில்லை. ஒன்டாரியோ, எல்லை குறிக்கும் அந்த ஒரு வரியோடு. கடைசியில் டிரேப். இருபது நிமிடம்தான் கிடைத்தால் டெனெரீஃப் போய்விடும், வாக்கியம் முதலில் வந்துவிடும். அப்படியானால் டாக்டர் சொன்ன தொடக்கத்தையும் ஒத்திகை பார்த்து வைக்க வேண்டியிருக்கிறது.

ஒன்று மட்டும் தீரவில்லை. மேடையில் உட்காரப்போகும் சிறப்பு விருந்தினர் ஒரு பெரிய மருத்துவமனையின் தலைவர். "எழுத்தில் இல்லாத மருத்துவமனையில் செக்லிஸ்ட் வெறும் தாள்" என்ற வரியை அவரிடம் முன்பே காட்டுவதா, வேண்டாமா? காட்டினால் மென்மையாக்கச் சொல்வார் என்று விழாக் குழுவினர் நினைக்கிறார்கள்.

மயக்கவியல்_மருத்துவர்

காட்டாதீர்கள். மென்மையாக்கிய பிறகு அந்த வாக்கியத்துக்கு மூன்று கதைகள் தேவைப்படாது.

மேடைக்குப்_பின்னால்

காட்டுங்கள் என்பேன், ஆனால் திருத்தம் கேட்பதற்காக அன்று. உரையின் கடைசியில் அவர் எழுந்து "எங்கள் மருத்துவமனையில் அந்த ஆணையில் நான் கையெழுத்திடுகிறேன்" என்று சொல்ல முடியுமா என்று கேளுங்கள். முடியாது என்றாலும் இழப்பு ஒன்றும் இல்லை. அவர் முன்வரிசையில் முகம் சுளித்து உட்காராமல் இருப்பார். ஒப்புக்கொண்டால் டிரேப் கதையை இரண்டு நிமிடத்தில் முடித்துக்கொண்டு மைக்கை அவரிடம் கொடுத்துவிடலாம்.